அழுத்தம் எந்த இடத்தில் மாறாமல் நிற்க வேண்டும்? அடுக்குமாடியில் பம்ப் டிரைவும் சென்சாரின் இடமும்

மேல்நிலைத் தொட்டி இல்லாமல், அடித்தளத்துச் சம்ப்பிலிருந்து நேராக வீட்டுக் குழாய்களுக்கு நீரை ஏற்றும் பம்ப் தொகுதிகளைப் பராமரிப்பது என் வேலை. இப்போதெல்லாம் இவற்றில் பெரும்பாலானவை வி.எஃப்.டி. எனப்படும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவோடுதான் வருகின்றன. எத்தனை பேர் குழாயைத் திறந்தாலும் அழுத்தம் மாறாது என்று சொல்லியே அவற்றை விற்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு நிபந்தனை சொல்லப்படாமல் போய்விடுகிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ, அந்தப் புள்ளியில் மட்டும்தான் டிரைவால் அழுத்தத்தை மாறாமல் நிறுத்த முடியும். குழாயின் மற்ற எல்லா இடங்களிலும், நீர் ஓடும் அளவைப் பொறுத்து அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சென்சாருக்கு எது சரியான இடம் என்பதை ஒரே ஒரு கட்டடத்தின் அனுபவத்தை வைத்து விளக்க முயல்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் அடித்தளத்தில் மூன்று பம்ப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவ். மூன்றின் நீரும் ஹெட்டர் எனப்படும் ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து ரைசர் எனப்படும் இரண்டு செங்குத்துக் குழாய்களாகப் பிரிந்து மேலே சென்றது. சென்சார் ஹெட்டரிலேயே இருந்தது. இலக்கு அழுத்தம் 5.5 பார். கீழ்த் தளங்களின் கிளைகளில் அழுத்தம் குறைக்கும் வால்வுகள் இருந்ததால் அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. கடைசி இரண்டு தளங்களில் மட்டும், காலையில் எல்லாரும் குளிக்கும் நேரத்தில் ஷவரில் நீர் நூலாக விழுந்தது; ஓட்டம் போதாமல் உடனடி வெந்நீர் ஹீட்டர்களும் எரியாமல் நின்றன. பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னை அழைத்துச் சென்று ஹெட்டர் கேஜைக் காட்டி, “மேலே என்ன நடக்குதோ தெரியாது சார், இங்கே முள்ளு அஞ்சரையை விட்டு அசையவே இல்லை” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மேல்தளத்தின் புகாரிலும் பிழை இல்லை.

இரண்டு கூற்றும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை அறிய, விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தூரமாக இருந்த ரைசரின் உச்சிக்குக் கீழே ஒரு கேஜைப் பொருத்தினேன். நள்ளிரவுக்குப் பின், நீர் ஓட்டமே இல்லாத வேளையில் இரண்டு கேஜ்களையும் ஒரே நேரத்தில் படித்தோம், கீழே 5.5, மேலே 2.0. வித்தியாசம் 3.5 பார். இது வெறும் உயரத்தின் கணக்கு: 1 பார் என்பது ஏறத்தாழ 10.2 மீட்டர் நீர் நிரலுக்குச் சமம், ஹெட்டருக்கும் உச்சிக் கேஜுக்கும் இடையே 36 மீட்டர் உயரம். பிறகு காலை நெரிசலில், அவர் கீழே நிற்க நான் மேலே நிற்க, கைப்பேசியில் பேசிக்கொண்டே மறுபடி படித்தோம். கீழே அதே 5.5, மேலே 0.8. வித்தியாசம் இப்போது 4.7 பார். கட்டடத்தின் உயரம் மாறவில்லை. ஆகவே கூடுதலான 1.2 பாரும் ஓடுகிற நீர் குழாய்ச் சுவர், வளைவு, வால்வு ஆகியவற்றோடு உரசி இழக்கும் அழுத்தம்தான்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. இரண்டு கேஜ்களும் சற்றே தவறாகக் காட்டினாலும், அந்தத் தவறு இரவு அளவீட்டிலும் காலை அளவீட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடுகிறது. குழாய் விட்டத்தையும் வளைவுகளின் எண்ணிக்கையையும் வைத்துக் காகிதத்தில் உரசல் இழப்பைக் கணக்கிடுவதை விட, ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் இந்த இரண்டு வாசிப்புகளையே நான் நம்புகிறேன். ஏனென்றால் பாதி திறந்த வால்வும் உள்ளே படிந்த சுண்ணாம்பும் வரைபடத்தில் இருப்பதில்லை.

உச்சியில் 1.5 பார் கிடைத்தால் ஷவருக்கும் ஹீட்டருக்கும் போதும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் நெரிசலில் ஹெட்டரில் வேண்டியது 3.5, 1.5, 1.2 மூன்றும் சேர்ந்து 6.2 பார். ஓட்டம் இல்லாத நேரத்தில் 5.0 பாரே போதும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் உடனே, “அப்படியென்றால் இலக்கை 6.2 என்று வைத்துவிட்டால் முடிந்ததே” என்றார். காலைப் புகார் அதோடு நின்றிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நெரிசல் என்பது நாளில் மிகச் சிறிய பகுதி. மற்ற நேரமெல்லாம் தேவைக்கு மேலாக 1 பாருக்கும் அதிகமான அழுத்தத்தைக் கட்டடம் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும். இரவில் உச்சியிலேயே 2.7 பார் நிற்கும், நடுத்தளங்களில் இன்னும் அதிகம். சொட்டும் குழாய்கள் வேகமாகச் சொட்டும், கழிப்பறைத் தொட்டிகளின் மிதவை வால்வுகள் சீக்கிரம் தேயும். மின்சாரமும் வீணாகும். பம்ப் எடுக்கும் திறன், தோராயமாக, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் பெருக்கியதற்கேற்ப அமையும் என்பதால், ஒரு பம்ப் மட்டும் ஓடும் நேரத்தில், சிறிது உரசலையும் சேர்த்து, 5.15 பார் போதும் என்கிற இடத்தில் 6.2 கொடுப்பது அந்த நேரத்துச் செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை விரயம் செய்வதாகும்.

ஆகவே பாடநூல்களில் காணப்படும் வழியை முதலில் எடுத்தோம்: சென்சாரை ரைசரின் உச்சிக்குக் கொண்டுபோய், இலக்கை 1.5 பார் என்று வைப்பது. உயரமும் உரசலும் சென்சாருக்குக் கீழேயே முடிந்துவிடுவதால், அவற்றை டிரைவ் தானாகவே ஈடுகட்டிவிடும். நெரிசல் ஏறும்போது ஹெட்டர் அழுத்தம் தானே 6.2-க்கு உயரும், இரவில் தானே 5.0-க்கு இறங்கும். வேலையும் கடினமானதன்று. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டமாகச் சைகை அனுப்பும் சென்சாருக்குக் கம்பியின் நீளம் ஒரு பொருட்டே அல்ல; மேலும் கீழுமாக நூறு மீட்டருக்கு மேல் மெல்லிய கம்பி ஓடினாலும் அதில் இழக்கும் வோல்ட் மிகச் சொற்பம். கவனிக்க வேண்டியவை வேறு. உறையிட்ட கம்பியை மோட்டார் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனிக் குழாயில் கொண்டுசெல்ல வேண்டும். உறையை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இடி மின்னலை முன்னிட்டு சென்சாரைத் திறந்த மொட்டைமாடியில் வைக்காமல் குழாய்த் தண்டின் உள்ளே, உச்சியில் காற்று தங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குழாயின் பக்கவாட்டில் பொருத்த வேண்டும். அளவு வரம்பையும் யோசித்துத் தேர்ந்தெடுத்தோம். பம்ப் முழு வேகத்தில் அடைத்த குழாயை நோக்கி ஓடினால் ஹெட்டரில் 7.9 பார் வரும், உச்சியில் அது 4.4, எனவே கீழே இருந்தது போன்ற 16 பார் சென்சாருக்குப் பதிலாக 6 பார் சென்சாரே போதுமானதாகவும் நுட்பமானதாகவும் இருந்தது.

முதலில் தெரிந்த குறை, பம்ப்பின் வேகம் காரணமில்லாமல் அலைபாய்ந்தது. உச்சித் தளத்தில் யாரோ ஒருவர் ஃபிளஷ் வால்வை அழுத்தி விட்டால் போதும், பக்கத்திலேயே இருந்த சென்சார் அந்த ஒரு கிளையின் அதிர்வைக் கட்டடம் முழுவதின் தேவையாக எடுத்துக்கொண்டு பம்ப்பைத் துரத்தியது. சென்சார் வாசிப்பை டிரைவ் சராசரி பார்க்கும் நேரத்தை இரண்டு விநாடியாக உயர்த்தி, இலக்குக்கும் வாசிப்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மோட்டாரின் வேகத்தைத் திருத்தும் பி.ஐ. கட்டுப்பாட்டின் வேகத்தையும் தணித்தபின் அது அடங்கியது. அதற்குப் பிறகு மேல்தளத்தின் புகார் முற்றிலும் நின்றது; உச்சிக் கேஜ் காலையும் இரவும் 1.5-ஐ ஒட்டியே நின்றது.

பெரிய குறை பிறகுதான் வெளிப்பட்டது. சென்சார் இருந்த ரைசரில் ஒரு கிளை வால்வை மாற்றுவதற்காகப் பிளம்பர், வழக்கம்போல, ரைசரின் அடிவால்வை மூடினார். எந்தப் பிளம்பரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அந்த ரைசரில் எஞ்சியிருந்த நீர் வீட்டுக் குழாய்கள் வழியாக வடிந்ததும், சென்சார் அழுத்தம் இல்லை என்று சொன்னது. டிரைவ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழு வேகத்துக்குப் போயின. மூடிய ரைசருக்குள் அழுத்தம் ஏற வழியில்லை. முழுச் சுமையும் மற்ற ரைசரின் மேல் இறங்கி, ஹெட்டர் 7.5 பாரைத் தாண்டியது. அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாத ஏழாம் தளத்தில், இரவில் 2.8 பார் இருக்கும் இடத்தில் 5.3 பார் வந்து, ஒரு கைகழுவும் தொட்டியின் கீழிருந்த நெளிகுழாய் பிய்த்துக்கொண்டது.

இதில் ஒரு நுணுக்கம் முக்கியமானது. சென்சார் கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கும். அதைக் கண்டு நிற்கும் வசதி டிரைவில் இருந்தது, அதை இயக்கியும் வைத்திருந்தோம். ஆனால் வடிந்த குழாயில் இருக்கும் நல்ல சென்சார் மிகச் சரியாக 4 மில்லி ஆம்பியர் அனுப்பும். டிரைவைப் பொறுத்தவரை அது பழுதன்று, அழுத்தம் பூஜ்யம் என்னும் உண்மைச் செய்தி. சென்சாரைத் தனிமைப்படுத்தும் சிறு அடைப்பானை யாராவது மூடி மறந்தாலும் இதே வகை ஆபத்துதான்: வாசிப்பு உறைந்துபோகும், டிரைவ் அதையே நம்பும். ஆகவே பம்ப்புக்கும் சென்சாருக்கும் இடையே யாராலும் மூடக்கூடிய வால்வு ஒன்று இருக்கிற வரை, தொலைவுச் சென்சாரை மட்டும் நம்பிப் பம்ப்பை ஓட்டக் கூடாது. அதை வைத்துக்கொள்ள விரும்புவோர், ஹெட்டரில் தனியாக ஒரு பிரஷர் ஸ்விட்ச் வைத்து, எங்கள் கட்டடமாக இருந்தால் 6.8 பாரில், டிரைவ்களின் ஓட்ட அனுமதியையே துண்டிக்கும்படி நேரடிக் கம்பியில் இணைக்க வேண்டும். இரண்டு சென்சார்களை ஏற்கும் டிரைவாக இருந்தால், கீழ்ச் சென்சார் உச்சவரம்பைக் காக்க, மேல்ச் சென்சார் இலக்கைக் காக்கும்படியும் அமைக்கலாம்.

நாங்கள் அந்தப் பாதையில் தொடரவில்லை. சென்சாரை மறுபடி ஹெட்டருக்கே கொண்டுவந்து, உரசல் இழப்பை இலக்கு அழுத்தத்திலேயே ஈடுகட்டினோம். பல பம்ப்புகளை ஓட்டும் டிரைவ்கள் பலவற்றில், ஓடும் பம்ப்புகளின் எண்ணிக்கை கூடும்போது இலக்கையும் படியாகக் கூட்டும் வசதி இருக்கிறது. அது இருப்பது தெரியாமலே பலர் பூஜ்யத்தில் விட்டுவிடுகிறார்கள். உரசல் இழப்பு ஏறத்தாழ ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். மூன்று பம்ப்புகளும் சேர்ந்து தரும் முழு ஓட்டத்தில் 1.2 பார் என்றால், இரண்டு பம்ப் ஓட்டத்தில் அதில் ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது சுமார் 0.53; ஒரு பம்ப் ஓட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 0.13. எனவே ஒரு பம்ப் ஓடும்போது 5.15, இரண்டு ஓடும்போது 5.55, மூன்றும் ஓடும்போது 6.2 பார் என்று இலக்குகளை வைத்தோம். உச்சியில் அழுத்தம் இப்போது அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் 1.5-ஐ விடச் சற்று மேலே நின்று, ஓட்டம் கூடக்கூட 1.5-க்கு இறங்குகிறது, மூன்றாம் பம்ப் இணையும் தருணத்தில் மட்டும் 2.2 வரை போகிறது. குளிப்பவர் யாரும் அதை உணர்ந்ததாகச் சொல்லவில்லை. பம்ப் இணைவதற்கும் விலகுவதற்கும் போதிய தாமதம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இலக்கு ஏறி இறங்குவதே பம்ப்பைச் சேர்த்தும் விலக்கியும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

என் கருத்து இதுதான். இரவுக்கும் நெரிசலுக்கும் உள்ள வித்தியாசம் அரை பாருக்குள் இருந்தால் ஹெட்டர் சென்சாரும் ஒரே இலக்கும் போதும். அதற்கு மேல் மெனக்கெடுவது தேவையற்றது. வித்தியாசம் 1 பாரை நெருங்கினால் ஹெட்டர் சென்சாரோடு படிப்படியான இலக்கை வைக்கலாம். உச்சிச் சென்சார், நாள்தோறும் தகுந்த ஆள் பார்த்துக்கொள்ளும் பெரிய வளாகத்துக்கே பொருந்தும்.

ஹெட்டரில் என்றாலும் எந்த இடத்திலும் அதைத் துளைத்துப் பொருத்திவிடக் கூடாது. வேறொரு குடியிருப்பில், நிறுவியவர்கள் கம்பி குறைவாகப் போகும் என்று முதல் பம்ப்பின் வாயிலேயே, ஒருவழி வால்வுக்கு முன்பாகச் சென்சாரை வைத்துவிட்டார்கள். பம்ப்புகள் முறைவைத்து ஓடுவன. முதல் பம்ப் ஓய்ந்து இரண்டாவது ஓடும் நாளில், அந்தச் சென்சார் ஓடாத பம்ப்பின் வயிற்றில் இருக்கும் அழுத்தத்தைத்தான் காட்டியது. ஹெட்டரில் நடப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சென்சார் எல்லா ஒருவழி வால்வுகளுக்கும் பிறகு, பிரஷர் டேங்க் இணையும் இடத்துக்கு அருகில், இரண்டுக்கும் இடையே வால்வு எதுவும் இல்லாதபடி இருக்க வேண்டும். வளைவையோ பட்டாம்பூச்சி வால்வையோ உடனே ஒட்டி வைத்தால் நீரின் கொந்தளிப்பு வாசிப்பை ஆட்டும். கிடைமட்டக் குழாயின் மேற்புறம் காற்றையும், அடிப்புறம் சேற்றையும் பிடிக்கும் என்பதால் பக்கவாட்டுத் துளையே ஏற்றது. ஹெட்டருக்குப் பின் வடிகட்டியோ மென்னீராக்கியோ இருந்தால் சென்சார் அதற்கும் அடுத்து இருக்க வேண்டும். அல்லாவிட்டால் வடிகட்டி அடைபடுவது டிரைவுக்குத் தெரியாமலே மேல்தளம் தவிக்கும்.

சென்சாரையும் இலக்கையும் மாற்றினால், பம்ப் உறங்கும் வேகத்தையும், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறங்கினால் நீர் தேவையில்லை என்று டிரைவ் பம்ப்பை நிறுத்துமோ அதையும், கட்டாயம் மாற்ற வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. இரவு ஒரு மணிக்குப் பம்ப் அறைக்குள் போனபோது, ஒரு பம்ப் நீரைத் தள்ளாமல் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதன் வார்ப்புக் கூட்டைத் தொட்டால் வெந்நீர்ப் பாத்திரம்போல் சுட்டது, மற்ற இரண்டும் குளிர்ந்திருந்தன. காரணத்தை எளிதாகக் கணக்கிடலாம். 50 ஹெர்ட்ஸில் அடைத்த குழாயில் 80 மீட்டர் தரும் பம்ப் அது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். ஹெட்டரில் 5.15 பார் என்றால் 52.5 மீட்டர், சம்ப் நிறைந்திருக்கும்போது பம்ப்புக்கு 1 மீட்டர் நீர் தானே கிடைப்பதால் பம்ப் ஏற்ற வேண்டியது 51.5 மீட்டர்.

```
50 × √(51.5 / 80) ≈ 40 Hz
```

அதாவது ஒரு துளி நீர் ஓடாவிட்டாலும் அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பதற்கே 40 ஹெர்ட்ஸ் வேண்டும். வேகம் ஒருநாளும் 30-க்கு இறங்காது. பம்ப் ஒருநாளும் உறங்காது. சம்ப் மட்டம் 3 மீட்டர் இறங்கினால் இதே கணக்கு 41.3 தருகிறது. ஆகவே உறங்கும் வேகத்தை 42 ஹெர்ட்ஸ் என்று வைத்து, அதற்குக் கீழே அரை நிமிடம் தொடர்ந்து ஓடினால் அழுத்தத்தை 0.3 பார் ஏற்றிவிட்டு நிற்கும்படியும், ஹெட்டர் 4.7-க்கு இறங்கினால் மறுபடி எழும்படியும் அமைத்தோம். பிரஷர் டேங்கின் காற்றழுத்தத்தை, அதிலுள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டு, எழும் அழுத்தத்தை விடச் சற்றுக் குறைவாக 4.5 பாரில் நிரப்பினோம். அதற்குப் பிறகு இரவில் அறைக்குள் போனால் மூன்று பம்ப்பின் கூடும் குளிர்ந்தே இருந்தன.

உச்சியில் பொருத்திய கேஜை நாங்கள் கழற்றவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதே இரவு வாசிப்பையும் அதே காலை வாசிப்பையும் எடுத்து, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுதுகிறோம். இரவு வித்தியாசம் 3.5-ஐ விட்டு விலகினால் சென்சாரோ கேஜோ பிசகியிருக்கிறது. அடைப்பானை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, சென்சார் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு வித்தியாசம் சரியாக இருந்து காலை வித்தியாசம் மட்டும் 4.7-ஐத் தாண்டினால், இலக்கை உயர்த்தும் முன் ரைசரின் ஒவ்வொரு வால்வும் முழுவதும் திறந்திருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லித் தாளின் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.